நைட்ரிக் அமிலத்தை எந்த அலமாரியில் வைப்பது?

செய்முறைத் தேர்வுக்கு முன்னால் பள்ளிக்கு ரசாயனப் பெட்டி வந்து இறங்கும். தெர்மாகோலுக்கு நடுவே இரண்டரை லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கும். அடர் நைட்ரிக் அமிலம். பில்லோடு சேர்த்து ஆங்கிலத்தில் எட்டுப் பத்துப் பக்கங்கள் கொண்ட ஒரு கத்தையும் வரும். இல்லையென்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அதுதான் பாதுகாப்புத் தரவுத் தாள். ஆய்வகங்களில் 'எஸ்.டி.எஸ்.' என்பார்கள், பழக்கப்பட்டவர்கள் இன்னும் 'எம்.எஸ்.டி.எஸ்.' என்றே சொல்வார்கள். பெரும்பாலும் பில்லைக் கோப்பில் வைப்பார்கள், அந்தக் கத்தை பெட்டியோடு பழைய பேப்பருக்குப் போய்விடும்.

பாட்டிலை எடுத்து அலமாரியில் வைப்பவர் ஆய்வக உதவியாளர். ஆசிரியர் சொல்கிற அளவுக்கு நீர்த்துத் தருபவரும், தேர்வு முடிந்தபின் மிச்சத்தைக் கொட்டிக் கழுவுபவரும் அவர்தான். அந்தத் தாளில் இருக்கிற செய்தி முதலில் போய்ச் சேர வேண்டியது அவருக்கே. ஆனால் அது தொழிற்சாலைக்காக எழுதப்பட்டது. எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது என்று தெரியாவிட்டால் முதல் பக்கத்திலேயே அலுத்துவிடும். ஆகவே இந்த ஒரே ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, அதன் தாளைப் படித்துப் பார்ப்போம்.

பதினாறில் ஐந்து

எந்த நிறுவனத்தின் தாளாக இருந்தாலும் இப்போது பதினாறு பகுதிகள் ஒரே வரிசையில் இருக்கும். ரசாயனங்களின் அபாயத்தை உலகம் முழுக்க ஒரே முறையில் வகைப்படுத்தவும் ஒரே குறிகளால் காட்டவும் ஐ.நா. ஒரு முறையை வகுத்து 2003இல் நூலாக வெளியிட்டது. வரிசை அதிலிருந்து வந்தது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளிலேயே இப்படி ஒரு தாள் தயாரிக்க வேண்டும் என்று இருக்கிறது.

எண்கள் மாறாது என்பதால் ஒரு தாளைப் படிக்கப் பழகினால் எல்லாத் தாளும் கைவந்துவிடும். முதல் பகுதி பொருளின் பெயர், விற்பவர் விவரம். இரண்டாவது அபாயங்கள். மூன்றாவது உள்ளே என்ன, எத்தனை சதவீதம். நான்காவது முதலுதவி. ஏழாவது சேமிப்பு. எட்டாவது கையுறை, கண்ணாடி போன்றவை. பத்தாவது எதோடு சேரக் கூடாது. பதினான்காவது லாரியில் ஏற்றுகிறவருக்கு, பதினைந்தாவது சட்டம் பார்க்கிறவருக்கு. பள்ளி ஆய்வகத்தில் அன்றாடம் வேண்டியவை இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பத்து ஆகிய ஐந்துதான்.

படிப்பதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. தாளின் முதல் அல்லது மூன்றாம் பகுதியில் 'கேஸ் எண்' என்று ஒன்று இருக்கும். உலகில் ஒரு ரசாயனத்துக்கு ஒரு எண். நைட்ரிக் அமிலத்துக்கு 7697-37-2. பாட்டில் லேபிளிலும் இதே எண் இருக்கிறதா, சதவீதமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கு வருவது பெரும்பாலும் 69 அல்லது 70 சதவீதம். இணையத்தில் தேடி அச்செடுக்கும்போது புகையும் நைட்ரிக் அமிலத்தின் தாளோ, நீர்த்த கரைசலின் தாளோ கைக்கு வந்துவிடலாம். பெயர் ஒன்றுதான், அபாயம் ஒன்றல்ல.

சுடரும் வட்டமும்

இரண்டாம் பகுதியில் முதலில் கண்ணில் படுவது சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரப் படங்கள். நைட்ரிக் அமிலத்துக்கு வழக்கமாக மூன்று இருக்கும். கையின் மீதும் உலோகத்தின் மீதும் சொட்டுகிற திரவம், மண்டையோடு, ஒரு வட்டத்தின் மேல் எரிகிற சுடர்.

முதல் படம் அரிக்கும் என்கிறது. இரண்டாவது, ஆவியை இழுத்தால் நஞ்சு என்கிறது. இவை இரண்டும் எவருக்கும் புரியும். மூன்றாவதில்தான் பலரும் தவறுகிறார்கள். சுடரைப் பார்த்ததும் 'தீப்பிடிக்கும் பொருள்' என்று நினைத்துவிடுகிறார்கள். வெறும் சுடர் மட்டும் இருந்தால் அதுதான் பொருள். ஸ்பிரிட், அசிட்டோன் பாட்டில்களில் அதைப் பார்க்கலாம். சுடருக்குக் கீழே வட்டம் இருந்தால் கதை வேறு. அந்தப் பொருள் தானாக எரியாது. பக்கத்தில் எரியக்கூடியது எது இருந்தாலும் அதற்கு ஆக்சிஜனைக் கொடுத்து எரிய வைக்கும். பாடப்புத்தகத்தில் படிக்கிற ஆக்சிஜனேற்றிதான் இது. நைட்ரிக் அமிலத்தை வெறும் அமிலமாக மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுகிறார். பள்ளி ஆய்வகத்தில் அந்த அமிலத்தால் நேரக்கூடிய மோசமான விபத்துகள் பலவும் இங்கிருந்துதான் தொடங்கும்.

படங்களுக்குக் கீழே ஒரு எச்சரிக்கைச் சொல் இருக்கும். 'டேஞ்சர்' என்றால் கடுமையான அபாயம், 'வார்னிங்' என்றால் அதைவிடக் குறைவு. அதற்கும் கீழே H என்று தொடங்கும் எண்கள். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் இலக்கத்தைப் பார்த்தால் போதும். H2 என்று தொடங்கினால் தீ, வெடிப்பு, அரிப்பு போன்ற பொருள் சார்ந்த அபாயம். H3 என்றால் உடம்புக்கு. H4 என்றால் சுற்றுச்சூழலுக்கு. நம் பாட்டிலில் H272 தீயைத் தீவிரமாக்கும் என்கிறது, H290 உலோகத்தை அரிக்கும் என்கிறது, H314 தோலையும் கண்ணையும் கடுமையாகப் புண்ணாக்கும் என்கிறது, H331 சுவாசித்தால் நச்சு என்கிறது. ஒரு பாட்டிலுக்குள் நான்கு வகை ஆபத்து. நான்குக்கும் நான்கு வகை முன்ஜாக்கிரதை வேண்டும்.

இங்கே 'நீர்த்த' என்ற லேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புப் பகுப்பாய்வுக்கு மாணவர் மேசையில் வைக்கிற நீர்த்த நைட்ரிக் அமிலத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. 69 சதவீத அமிலத்தில் ஏறத்தாழ 130 மில்லியை நீரில் கலந்து ஒரு லிட்டர் ஆக்கினால் 2 மோலார் கரைசல் கிடைக்கும். அதில் அமிலம் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பல தாள்களின் மூன்றாம் பகுதியில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். 5 சதவீதத்திலிருந்தே H314 பொருந்தும் என்று அதில் காணலாம். அதாவது மேசையில் இருக்கிற 'நீர்த்த' பாட்டிலும் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கக்கூடியதுதான். தீயைத் தூண்டும் குணம் போய்விட்டது, புகை குறைந்துவிட்டது, அரிக்கும் குணம் போகவில்லை. ஆகவே அடர் அமிலம் எடுக்கிற உதவியாளருக்கு மட்டுமல்ல, நீர்த்த அமிலம் கையாள்கிற மாணவருக்கும் கண்ணாடி வேண்டும்.

'ஆசிட் அலமாரி' என்ற பழக்கம்

இனி தலைப்புக் கேள்விக்கு வருவோம். பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு வழக்கங்களைப் பார்க்கலாம். ஒன்று, ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குவது. மற்றொன்று, அமிலமெல்லாம் ஒரு தட்டில், காரமெல்லாம் இன்னொரு தட்டில் என்று பிரிப்பது. இரண்டாவது முறை அறிவியல்பூர்வமாகத் தெரியும். ஆனால் தாளின் ஏழாம் பகுதியையும் பத்தாம் பகுதியையும் சேர்த்துப் படித்தால் அதிலும் ஒரு ஓட்டை தெரிகிறது.

ஏழாம் பகுதி பெரும்பாலும் சுருக்கமாகவே இருக்கும். குளிர்ந்த, காற்றோட்டமான இடம், வெயில் படாமல், மூடி இறுக்கி, எரியக்கூடிய பொருள்களிலிருந்து விலக்கி, பொருந்தாதவற்றோடு சேர்க்காமல். எவை பொருந்தாதவை? அதைப் பத்தாம் பகுதிதான் பெயர் சொல்லிப் பட்டியலிடும். நைட்ரிக் அமிலத்தின் பட்டியலில் ஆல்கஹால், அசிட்டோன், உலோகங்கள், உலோகத் தூள்கள், காரங்கள், அம்மோனியா, ஒடுக்கிகள், பொதுவாக எல்லாக் கரிமப் பொருள்களும் வரும். அந்தப் பட்டியலில் அசிட்டிக் அமிலத்தின் பெயரையும் காணலாம்.

அமிலத்தோடு அமிலம் ஏன் சேரக் கூடாது என்று சந்தேகம் வரும். இப்போது அடர் அசிட்டிக் அமிலத்தின் தாளை எடுத்து இரண்டாம் பகுதியைப் பாருங்கள். அரிக்கும் படத்தோடு வெறும் சுடர் படமும் இருக்கும். அது தீப்பற்றும் திரவம். ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸில் அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்ந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட சேமிப்பறை சித்திரை வெயிலில் அந்தச் சூட்டைத் தொடுவது வேலூரிலோ திருச்சியிலோ புதிதல்ல. இரண்டு பாட்டிலும் 'ஆசிட்' என்ற பெயரால் ஒரே தட்டில் நின்றால், எரிகிற பொருளும் அதை எரிய வைக்கிற பொருளும் தோளோடு தோள் நிற்கின்றன என்று பொருள். ஒன்றின் மூடி கசிந்து, இன்னொன்று உடைந்தால் போதும்.

அகரவரிசையிலோ இன்னும் மோசம். அசிட்டிக் அமிலம், அசிட்டோன், அம்மோனியா மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். அம்மோனியா பாட்டிலையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிற ஆய்வகத்தில் பாட்டில் கழுத்துகளிலும் அலமாரிக் கண்ணாடியிலும் வெள்ளைத் தூள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். தினமும் துடைத்தாலும் திரும்ப வரும். அது தூசி அல்ல. இரண்டு பாட்டிலிலிருந்தும் கசிகிற ஆவி காற்றில் சந்தித்து உருவாகிற அம்மோனியம் குளோரைடு. அந்த வெள்ளைப் படிவு தெரிந்தால் இரண்டு விஷயம் உறுதி: மூடிகள் சரியாக மூடவில்லை, பொருந்தாதவை சேர்ந்து நிற்கின்றன.

அப்படியானால் எப்படி அடுக்குவது? நைட்ரிக் அமிலத்துக்குத் தனி இடம். அலமாரியின் கீழ்த்தட்டு, எவர் கண்மட்டத்துக்கும் கீழே. அடியில் பீங்கான் அல்லது கனமான பிளாஸ்டிக் தட்டம். பாட்டில் உடைந்தால் இரண்டரை லிட்டரும் அதற்குள் அடங்க வேண்டும். செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைக்கிற வழக்கம் நம் ஊரில் நிறைய; காகிதமும் எரியக்கூடிய பொருள்தான், அதை எடுத்துவிட வேண்டும். மரத் தட்டும் ஆகாது. இரும்பு பீரோவும் ஆகாது, H290 சொல்வது அதைத்தான். நைட்ரிக் பாட்டில் வைத்த பீரோவின் கீல்கள் துருவேறுகிற வேகமே சாட்சி. சிமெண்ட் மேடையில் கடப்பா கல் பதித்த அடுக்கு இருந்தால் தட்டத்தோடு அங்கே வைப்பது நல்லது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் நைட்ரிக்கோடு வைக்க வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் கலந்த நச்சு வாயு வரும். கந்தக அமிலத்துக்குத் தனித் தட்டம். அசிட்டிக் அமிலம் ஸ்பிரிட், அசிட்டோன் இருக்கிற தீப்பற்றும் திரவங்களின் அலமாரிக்குப் போக வேண்டும், அங்கும் தனித் தட்டத்தில். அம்மோனியா அமிலங்கள் எதுவும் இல்லாத வேறொரு அலமாரியில்.

பாட்டிலையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நைட்ரிக் அமிலம் வெளிச்சத்திலும் சூட்டிலும் மெல்லச் சிதையும். நிறமற்றதாக வந்தது மஞ்சளாகி, பிறகு பழுப்புச் சாயல் ஏறும். நைட்ரஜன் டைஆக்சைடு உள்ளே சேர்கிறது என்பதன் அடையாளம் அது. மூடிக்குள் அழுத்தமும் கூடும். அதற்காகத்தான் பழுப்புக் கண்ணாடி. நாள்பட்ட பாட்டிலைத் திறக்கும்போது புகைக்கூண்டுக்குள் வைத்து, முகத்தை விலக்கி, மூடியை மெல்லத் தளர்த்த வேண்டும். புகைக்கூண்டு இல்லாத பள்ளியில் ஜன்னலோரம், காற்று நம்மிடமிருந்து வெளியே போகும் பக்கம் நின்று திறக்க வேண்டும்.

தேர்வு முடிந்த மாலை

விபத்து பெரும்பாலும் சோதனை நடக்கும்போது வருவதில்லை, சுத்தம் செய்யும்போது வருகிறது. ஒரு நிகழ்வை நினைத்துப் பாருங்கள். செய்முறைத் தேர்வு முடிந்தது. பீக்கர்களிலும் சிறு பாட்டில்களிலும் மிச்சமாக இருநூறு மில்லி அடர் நைட்ரிக் அமிலம். தொட்டியில் கொட்டக் கூடாது என்று தெரியும். அலமாரியில் காலியான ஸ்பிரிட் பாட்டில் ஒன்று இருக்கிறது, அடியில் ஒரு விரல் அளவு ஸ்பிரிட் ஒட்டியிருக்கிறது. அமிலத்தை அதில் ஊற்றி, மூடியை இறுக்கி, 'கழிவு' என்று எழுதி ஒட்டி, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார் உதவியாளர்.

ஊற்றிய நேரத்தில் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். இதுதான் ஏமாற்றும் இடம். ஆல்கஹாலும் நைட்ரிக் அமிலமும் முதலில் மெதுவாக வினைபுரியும். வினையால் சூடு, சூட்டால் வினை வேகம், வேகத்தால் பழுப்பு வாயு. மூடி இறுகியிருப்பதால் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ பாட்டில் வெடிக்கும். உலகெங்கும் பல்கலைக்கழக ஆய்வகங்களில் கழிவுப் பாட்டில் வெடித்த விபத்துகளில் திரும்பத் திரும்ப வருகிற கதை இது. அங்கே படித்தவர்கள் செய்ததும் இதே தவறுதான்.

எப்படிக் கண்டுகொள்வது? பாட்டிலைத் தொடாமல் பக்கத்தில் கை கொண்டுபோனால் சூடு தெரிந்தால், உள்ளே குமிழி எழுந்தால், பழுப்புப் புகை தெரிந்தால், மூடியைத் திறக்க முயலக் கூடாது, பாட்டிலைத் தூக்கவும் கூடாது. அறையைக் காலி செய்து, கதவைச் சாத்தி, ஆசிரியரையும் தீயணைப்புத் துறையையும் அழைக்க வேண்டும்.

இதைத் தவிர்க்க வழி எளிது. நைட்ரிக் கழிவுக்கு நைட்ரிக் பாட்டிலே பாத்திரம். அதில் வேறெதுவும் இருந்ததில்லை என்ற உறுதி இருக்கிறது. அந்தப் பாட்டிலைக் கழுவுவது வெறும் தண்ணீரால் மட்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஸ்பிரிட்டோ அசிட்டோனோ ஊற்றி அலசக் கூடாது. சிறு அளவு மிச்சமென்றால், நிறையத் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் வாளியில் அமிலத்தை மெல்ல ஊற்றி, ஆப்பச் சோடாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, நுரை அடங்கியபின் லிட்மஸ் காகிதத்தால் பார்த்துவிட்டு, ஆசிரியர் அனுமதியோடு வடிக்கலாம். வெள்ளியோ ஈயமோ போன்ற உலோக உப்பு கலந்த கழிவுக்கு இது பொருந்தாது. அதைத் தனியே சேர்த்து வைக்க வேண்டும்.

தரையில் கொட்டினாலும் இதே விதிதான். மரத்தூளைக் கொட்டுவது, பழைய துணியால் துடைப்பது, செய்தித்தாளால் உறிஞ்ச வைப்பது மூன்றும் கை தானாகச் செய்கிற வேலைகள். மூன்றும் எரியக்கூடியவை. குப்பைத் தொட்டியில் போட்டபின் அவை பற்றிக்கொள்ளலாம். காய்ந்த மணலை ஒரு வாளியில் தயாராக வைத்திருந்தால், அதைச் சுற்றிலும் போட்டுப் பரவாமல் தடுத்து, பிறகு சோடா தூவலாம். மாணவர்களை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறப்பது முதல் வேலை.

எட்டாம் பகுதி கையுறையைப் பற்றிச் சொல்வதையும் இங்கேயே பார்த்துவிடலாம். எந்தப் பொருளால் ஆன கையுறை, எத்தனை தடிமன், எத்தனை நிமிடம் தாங்கும் என்று நல்ல தாளில் எழுதியிருக்கும். மருந்துக் கடையில் பெட்டியாகக் கிடைக்கிற மெல்லிய கையுறைகள் அடர் நைட்ரிக் அமிலத்துக்குத் தாங்காது. சொட்டுப் பட்ட நொடியில் கழற்றி எறிய வேண்டியவை அவை. அடர் அமிலம் ஊற்றும்போது தடித்த நியோப்ரீன் அல்லது பியூட்டைல் கையுறையும், பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும் வேண்டும்.

மஞ்சள் கறையும் தண்ணீரும்

நான்காம் பகுதி தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட வேண்டியது. விபத்து நேரத்தில் யாரும் கத்தையைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

தோலில் பட்டால், பட்ட இடம் மஞ்சளாகும். தோலின் புரதத்தோடு அமிலம் வினைபுரிவதால் வருகிற நிறம் அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்க்கவும் கூடாது. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் காட்ட வேண்டும். வாட்ச், வளையல், கைக்கயிறு இவற்றை உடனே கழற்ற வேண்டும். அடியில் அமிலம் தங்கும். சீருடையில் பட்டிருந்தால், வெட்கப்பட இடமளிக்காமல் ஒரு துணியால் மறைத்து, நனைந்த உடையைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அகற்ற வேண்டும்.

அமிலம் பட்டால் சோடா தடவ வேண்டும் என்று பாடத்திலேயே படித்த நினைவு பலருக்கு இருக்கும். தரைக்கு அது சரி, தோலுக்கு ஆகாது.  சோடா டப்பாவைத் தேடுகிற நேரத்தில் அமிலம் ஆழமாகப் போய்விடும். பேஸ்ட், மஞ்சள், தேங்காய் எண்ணெய், மை எதுவும் வேண்டாம். தண்ணீர், பிறகு மருத்துவமனை.

கண்ணில் பட்டால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது. பிள்ளை வலியில் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். ஒருவர் இமைகளை விரலால் பிரித்துப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்தால் தண்ணீர் மற்றக் கண்ணுக்குள் ஓடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்து எளிதாக வந்தால் எடுத்துவிடலாம். இருபது நிமிடம் கழித்தும் போகிற வழியெல்லாம் கழுவிக்கொண்டே போவது நல்லது. கண்கழுவி இல்லாத பள்ளியில் ஆய்வகக் குழாய் ஒன்றில் ரப்பர் டியூப் மாட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. தேர்வு நாளில் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று காலையில் பார்ப்பதும் முதலுதவியின் பகுதிதான்.

வாய்க்குள் போவது எப்படி என்று கேட்கலாம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ரப்பர் பல்ப் மாட்டினால் இந்தப் பகுதியே தேவைப்படாது. நடந்துவிட்டால் வாயைக் கொப்பளிக்க வைக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே போகும்போது புண்ணாக்கிய உணவுக்குழாயை அமிலம் திரும்பி வரும்போது மறுபடி புண்ணாக்கும். உப்புத் தண்ணீரும் கூடாது, சோடாவும் கூடாது.

நான்காவது வழி மூச்சு. மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது இதைத்தான். பழுப்புப் புகையை இழுத்தவருக்கு உடனே இருமலும் தொண்டை எரிச்சலும் வரும், வெளிக்காற்றில் அரைமணி உட்கார்ந்தால் அடங்கிவிடும். 'இப்போ பரவாயில்லை சார், வகுப்புக்குப் போறேன்' என்று பிள்ளை சொல்லும். நைட்ரஜன் டைஆக்சைடு தண்ணீரில் மெதுவாகக் கரைவது. ஆகவே மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய், அங்கே ஈரத்தில் அமிலமாகி மெல்லப் புண்ணாக்கும். பல மணி நேரம் கழித்து, சில நேரம் மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். தாளில் 'அறிகுறிகள் தாமதமாகலாம்' என்று ஒற்றை வரியில் இருப்பதன் பொருள் இது. பழுப்புப் புகையை நன்றாக இழுத்த பிள்ளை தெளிவாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெற்றோருக்கும் தகவல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராத்திரி மூச்சுத் திணறினால் காரணம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாள் சொல்லாதவை

தாளுக்கும் எல்லை உண்டு. ஒரு தாள் ஒரு பொருளைப் பற்றி மட்டுமே பேசும். சோதனைக்குழாயில் தாமிரத் துருவலும் நைட்ரேட் உப்பும் அடர் கந்தக அமிலமும் சேரும்போது எழுகிற பழுப்புப் புகையைப் பற்றிக் கந்தக அமிலத்தின் தாளில் தேடினால் கிடைக்காது. சோதனையில் என்ன உருவாகும் என்று ஆசிரியரிடம் கேட்டு, உருவாகிற பொருளின் தாளையும் பார்க்க வேண்டும். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அந்தச் சோதனையைச் செய்தால் அறைக் காற்று என்னாகும் என்பதையும் எந்தத் தாளும் கணக்கிட்டுச் சொல்லாது.

தாள் மிகையாகவும் பேசும். பெரிய ஆபத்தில்லாத பொருளுக்குக்கூட 'கண்ணாடி அணிக, தூசியை இழுக்காதீர்' என்று எழுதியிருக்கும். நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள எழுதுவது அது. எல்லாத் தாளும் ஒரே குரலில் மிரட்டுவதாகத் தோன்றினால் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் படங்களையும் எச்சரிக்கைச் சொல்லையும் பாருங்கள். படமே இல்லையென்றால் கவலை குறைவு. 'டேஞ்சர்' என்று இருந்தால் மீதியை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும்.

பதினாறாம் பகுதியில் தாள் எப்போது திருத்தப்பட்டது என்ற தேதி இருக்கும். முதல் பகுதியில் உள்ள அவசர எண் அலுவலக நேரத்துக்கு மட்டுமா, வேறு நாட்டு எண்ணா என்று முன்பே பார்த்து வையுங்கள். தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு 108தான்.

ஆசிரியரும் உதவியாளரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பொருளுக்கு அரைமணி போதும். நைட்ரிக், கந்தக, ஹைட்ரோகுளோரிக், அசிட்டிக் அமிலங்களும் அம்மோனியாவும் ஸ்பிரிட்டும் முடிந்தால் பள்ளி ஆய்வகத்தின் பெரிய ஆபத்துகளில் பெரும்பங்கு கைக்குள் வந்துவிடும். இரண்டு, ஏழு, பத்தாம் பகுதிகளின் சாரத்தைத் தமிழில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்; நான்காம் பகுதியைக் குழாயின் பக்கத்தில் ஒட்டுங்கள். முழுத் தாளை பூட்டாத கோப்பில், ஆய்வகத்துக்கு வெளியேயும் ஒரு பிரதியாக வையுங்கள். பிள்ளையை 108இல் ஏற்றும்போது அந்தப் பிரதியும் கூடவே போகட்டும். அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்பது என்ன ரசாயனம், எத்தனை சதவீதம் என்பதைத்தான். இரண்டும் அதில் எழுதியிருக்கிறது.